பெயர் வைக்கும் கூட்டத்துக்கு ஒரு பிடி புளியங்கொட்டை

கேள்வி: கே.வி.குப்பம் பக்கத்துக் கிராமத்தில் நாங்கள் 14 பெண்கள் சேர்ந்து சுய உதவிக் குழு ஆரம்பித்திருக்கிறோம். மூன்று வாரக் கூட்டம் முடிந்து, ஆளுக்கு வாரம் 50 ரூபாய் சேமிப்பும் எடுத்துவிட்டோம். பெயரில்தான் இழுபறி. ஊக்குநர் தன் மாமியார் பெயரை வைக்கச் சொல்கிறார். பாதிப் பேர் கெங்கையம்மன் என்கிறார்கள். எங்களில் மூன்று பேர் முஸ்லிம்கள். என் வீட்டுக்காரரோ ‘ஃபைனான்ஸ்’ என்றோ ‘எண்டர்பிரைசஸ்’ என்றோ இருந்தால்தான் பேங்கில் மதிப்பார்கள் என்கிறார். நோட்டில் இப்போதைக்கு ‘மகளிர் குழு’ என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறோம். பேங்க் கணக்கு இன்னும் தொடங்கவில்லை. எப்படி முடிவு செய்வது?

பதில்: வணக்கம் அம்மா. கணக்கு தொடங்கும் முன்னரே கேட்டது நல்லதாயிற்று. பாஸ்புக்கில் ஏறிய பெயரை மாற்றுவது, வைப்பதைவிட நாலு மடங்கு வேலை.

முதலில் உங்கள் வீட்டுக்காரர் சொன்னதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதில்தான் ஆபத்து அதிகம். குழுவின் பெயர் கம்பீரமாக இருக்கிறதா என்று மேனேஜர் பார்ப்பதில்லை. இது எந்த வகைக் கணக்கு, எந்தெந்தக் காகிதம் கேட்க வேண்டும் என்றுதான் பார்ப்பார். பெயரின் கடைசிச் சொல் அதைத் தீர்மானித்துவிடும். ‘மகளிர் சுய உதவிக் குழு’ என்று முடிந்தால் ரிசர்வ் வங்கி இந்தக் குழுக்களுக்கென்று கொடுத்திருக்கும் எளிய வழி திறக்கும்: சேமிப்புக் கணக்கு தொடங்கும்போது 14 பேருடைய அடையாளச் சான்றும் தேவையில்லை, பொறுப்பாளர்களுடையது போதும். அதே குழு ‘எண்டர்பிரைசஸ்’ என்று போய் நின்றால் இது வியாபார நிறுவனம் என்று எடுத்துக்கொண்டு, உரிமையாளர் யார், நடப்புக் கணக்கா, வியாபாரச் சான்று எங்கே என்று கேள்வி வேறு பக்கம் போகும். ‘சங்கம்’ என்றால் பதிவுச் சான்றிதழ் கேட்பார்கள். ‘டிரஸ்ட்’ என்றால் பத்திரம் கேட்பார்கள். கேட்பவர் மேல் தப்பில்லை, பெயர்தான் அப்படிக் கேட்க வைக்கிறது.

சில சொற்களைச் சட்டமே தொடவிடாது. ‘பேங்க்’, ‘வங்கி’ என்பதை வங்கியல்லாத குழு தன் தொழில் பெயரில் சேர்க்க வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் தடுக்கிறது. ‘சிட்’, ‘சிட் ஃபண்ட்’ என்பவை 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி சீட்டு நடத்தும் பதிவு பெற்றவர்களுக்கு மட்டும். ‘லிமிடெட்’ கம்பெனிக்கு, ‘கூட்டுறவு’ கூட்டுறவுச் சட்டத்தில் பதிவான சங்கத்துக்கு. ‘ஃபைனான்ஸ்’ என்று வைப்பதில் வேறொரு சங்கடமும் உண்டு. வாரவட்டிக்கும் மைக்ரோ ஃபைனான்ஸுக்கும் மாட்டிக்கொண்ட தெருவில் அந்தச் சொல்லைப் பார்த்தால் புதிதாகச் சேர நினைக்கும் பெண் கதவைச் சாத்திக்கொள்வாள். உங்கள் குழு ஃபைனான்ஸ் கம்பெனியும் இல்லை. சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து, பிறகு வங்கியில் கடன் வாங்கும் குழு.

ஆகவே பெயரின் பின்பாதி பேச்சுக்கே இடமில்லாமல் முடிந்துவிட்டது: ‘மகளிர் சுய உதவிக் குழு’. வாக்குவாதம் முன்னால் நிற்கும் ஒரே ஒரு சொல்லைப் பற்றி மட்டும். இதைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், பாதி இரைச்சல் அடங்கும்.

அந்த ஒரு சொல்லுக்கு நாலு சோதனை வைக்கலாம்.

ஒன்று, அது ஓர் ஆளைக் குறிக்கக் கூடாது. ஊக்குநரின் மாமியார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்தப் பெயர் வைத்த நாளிலிருந்து ஊரில் அது ‘அவங்க குழு’. பொறுப்பாளர்களைச் சுழற்சியில் மாற்ற வேண்டிய நாள் வரும்போது ‘எங்க வீட்டுப் பேரு, நாங்க எப்படி விடறது’ என்ற பேச்சு வரும். தவணை தவறிய உறுப்பினரைக் கேட்டால் ‘அது அவங்க காசு’ என்ற எண்ணமும் ஒட்டிக்கொள்ளும். அரசியல் தலைவர் பெயருக்கும் இதே தொல்லைதான், ஆட்சி மாறும்போது கூடுதலாகக் குழுவின் நிறமும் பார்க்கப்படும். காந்தி, நேரு, இந்திரா காந்தி ஆகியோர் பெயர்களைத் தொழிலுக்கோ வியாபாரத்துக்கோ அனுமதியின்றிப் பயன்படுத்த 1950ஆம் ஆண்டுச் சின்னங்கள், பெயர்கள் சட்டம் தடை போடுகிறது. நாளை மசாலாத் தூள் பாக்கெட்டில் குழுவின் பெயரை அச்சடிக்கும்போது அது நினைவுக்கு வரும்.

இரண்டு, பதினான்கு பேரும் அதைக் கூச்சமில்லாமல் சொல்ல முடிய வேண்டும். கெங்கையம்மன் பெயரை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. குடியாத்தம் சிரசுத் திருவிழாவை ஊரோடு கொண்டாடும் பகுதியில் அந்தப் பெயர் வாயில் வருவது இயல்புதான். ஆனால் வாரா வாரம் உறுதிமொழி சொல்லும்போது மூன்று பேர் உதட்டை மட்டும் அசைப்பார்கள் என்றால், அவர்கள் குழுவில் விருந்தாளிகளாகவே இருப்பார்கள். சாதியைக் காட்டும் பெயரும் அப்படியே.

மூன்று, அந்தப் பெயர் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கக் கூடாது. கெங்கையம்மன், அன்னை தெரசா, மல்லிகை, ரோஜா, மகாலட்சுமி இவையெல்லாம் ஊருக்கு ஊர் இருப்பவை. ஒரு வங்கிக் கிளைக்கு ஏழெட்டு ஊராட்சிகள் வரும். ஒரே பெயரில் இரண்டு குழு இருந்தால் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துச் சரியாகத்தான் போகும், கலப்பது காகிதங்கள். உங்கள் கடன் மனு மற்றவர் கோப்பில் சேர்ந்து ஒரு மாதம் தூங்கும். அந்தக் குழு தவணை தவறியிருந்தால் ‘அந்தப் பேர்ல பாக்கி இருக்கே’ என்று உங்களை நிறுத்தி வைப்பார்கள். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் செயலாளரிடம் குழுக்களின் பட்டியல் இருக்கும். கணக்கு தொடங்கப் போகும் கிளையிலும் கேளுங்கள். அரை மணி நேர வேலை. இதற்காகப் பெயருக்குப் பின்னால் ‘2’, ‘3’ என்று எண் போடும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். பேசும்போது எண் விட்டுப்போகும். ஒரு காகிதத்தில் 2 என்றும் இன்னொன்றில் ரோமன் எழுத்திலும் வரும்.

நான்காவது சோதனையை யாரும் நினைப்பதில்லை, ஆனால் அதிகமாகக் காலை வாருவது அதுதான்: அந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் ஒரே மாதிரிதான் எழுத முடியுமா? வங்கியின் கணினியிலும் பான் அட்டையிலும் பெயர் ஆங்கில எழுத்தில்தான் ஏறும். ‘எழில்’ என்று வைத்தால் ஒருவர் EZHIL என்பார், இன்னொருவர் ELIL என்பார். ‘தீபம்’ ஒரு இடத்தில் DEEPAM, இன்னொரு இடத்தில் THEEPAM. ‘குழு’ என்ற சொல்லே KUZHU, KULU என்று இரண்டாகப் பிரியும். ‘சுய உதவி’ இன்னும் மோசம். அதனால் ஆங்கில வடிவத்தில் ‘சுய உதவிக் குழு’ என்பதை SHG என்று மூன்றெழுத்தோடு நிறுத்துங்கள். முன்சொல்லில் ழகரம், ஞகரம் வராத, நெடில் குறைவான சொல்லாகப் பாருங்கள். அழகான தமிழ்ச் சொற்கள் பல இதில் அடிபட்டுப் போகும், வருத்தம்தான்.

இனி கூட்டம். இதை ஒரே உட்காரலில் முடிக்காமல் இரண்டு வாரமாகப் பிரியுங்கள். முதல் வாரம் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் ஒரு சொல் சொல்லட்டும். ஊக்குநர் கடைசியில் சொல்ல வேண்டும். முதலில் சொன்னால் நாலு பேர் அதையே சொல்வார்கள். யாரும் மறுத்துப் பேசக் கூடாது, எழுதுவது மட்டும். அந்த வாரத்துக்குள் இரண்டு பேர் போய் கூட்டமைப்பிலும் கிளையிலும் விசாரித்து வரட்டும்.

இரண்டாம் வாரம் நான்கு சோதனையையும் உரக்கப் படித்து, தேறாதவற்றை அடியுங்கள். மிஞ்சுபவற்றுக்கு வாக்கு. கையைத் தூக்கச் சொன்னால் மாமியார் எதிரில் மருமகள் கை எழும்பாது, ஆகவே டம்ளரும் புளியங்கொட்டையும். ஒரு பெயருக்கு ஒரு டம்ளர், படிக்கத் தெரியாதவர்களுக்காக முன்னால் ஒரு படமோ பொருளோ. திரைக்குப் பின்னால், ஒவ்வொருவராகப் போய் வர வேண்டும்.

எத்தனை கொட்டை கொடுப்பது என்பதில்தான் விஷயம். ஆளுக்கு ஒன்று கொடுத்தால் 6, 5, 3 என்று பிரியும். ஆறு பேர் ஜெயிப்பார்கள், எட்டுப் பேர் தோற்றவர்களாக வீட்டுக்குப் போவார்கள். அந்த எட்டுப் பேருக்கு அது என்றைக்கும் மற்றவர்கள் வைத்த பெயர். ஆகவே எத்தனை டம்ளரோ அத்தனை கொட்டை ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். ‘இந்தப் பெயர் இருந்தால் எனக்குச் சம்மதம்’ என்று தோன்றும் ஒவ்வொரு டம்ளரிலும் ஒன்று போடலாம், பிடிக்காததில் போடாமல் விடலாம். மீந்த கொட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வரட்டும்.

உங்கள் குழுவையே வைத்துப் பார்ப்போம். கெங்கையம்மன் சோதனையிலேயே அடிபடும் என்றாலும், கணக்கு விளங்குவதற்காக அதையும் சேர்த்துக்கொள்வோம். கெங்கையம்மன், பாலாறு, விடியல், நீங்கள் கூடும் இடத்தில் ஒரு புங்கமரம் இருப்பதாக வைத்துக்கொண்டால் புங்கமரம் என்று நான்கு டம்ளர். கெங்கையம்மனில் 10, பாலாற்றில் 11, விடியலில் 8, புங்கமரத்தில் 13 விழுகிறது என்று கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு கொட்டை என்றிருந்தால் கெங்கையம்மன் முந்தியிருக்கலாம். இந்த முறையில் 13 பேர் சம்மதித்த புங்கமரம் வருகிறது. 14 பேர் குழுவில் 11க்குக் குறைந்தால் அந்த வாரம் முடிவு செய்யாதீர்கள்; புதுச் சொற்கள் இரண்டு சேர்த்து அடுத்த வாரம் போடுங்கள். புங்கமரம் மற்ற சோதனைகளிலும் தேறும்: யாருடைய பெயரும் இல்லை, PUNGAMARAM என்று எழுதினால் கை தடுமாறாது, அக்கம்பக்கத்தில் இன்னொன்று இருக்கும் வாய்ப்பும் குறைவு. கேட்க எளிமையாக இருக்கிறதே, மேனேஜர் சிரிக்க மாட்டாரா என்றால், மாட்டார். அவர் பார்ப்பது வருகைப் பதிவேட்டையும் உள்கடன் திரும்பியதையும்.

பெயரில் ஊரைச் சேர்க்கலாமா என்ற கேள்வி வரும். முன்சொல் தனித்துவமாக இருந்தால் தேவையில்லை, முகவரியில் இருந்தால் போதும். பொதுச் சொல்தான் வேண்டும் என்று எல்லோரும் பிடிவாதமாக இருந்தால் கிராமத்தின் பெயரைச் சேர்க்கலாம். மாவட்டத்தை மட்டும் பெயருக்குள் கொண்டுவராதீர்கள். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: வட ஆற்காடு 1989இல் பிரிந்து வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆயிற்று, பின்னர் வேலூர் மாவட்டம் ஆயிற்று, 2019இல் அதுவும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாயிற்று. ‘வேலூர் மாவட்ட’ என்று தொடங்கும் பெயர் வைத்த ஆற்காடு குழுவோ ஆம்பூர் குழுவோ இருந்தால், அது இன்றைக்கு வேறு மாவட்டத்தில் உட்கார்ந்திருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று நீட்டிக்கொண்டு போனால் பாஸ்புக்கின் வரியில் இடம் போதாமல் வால் அறுந்துவிடும். அறுந்து போவது பெரும்பாலும் ‘சுய உதவிக் குழு’ என்ற முக்கியமான பகுதியாகவே இருக்கும்.

பெயர் முடிவானதும் அன்றைக்கே தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். உங்கள் விஷயத்தில் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. முதல் மூன்று கூட்டம் ‘மகளிர் குழு’ என்ற பெயரில்தானே பதிவாகியிருக்கிறது? வங்கிக் கடனுக்கு ரிசர்வ் வங்கியின் விதி இது: குழு குறைந்தது 6 மாதமாகச் செயல்பட்டிருக்க வேண்டும், அந்த 6 மாதம் குழுவின் கணக்குப் புத்தகங்களின்படி எண்ணப்படும், சேமிப்புக் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து எண்ணக் கூடாது. உங்களுக்குச் சாதகமான விதி. ஆனால் நோட்டில் ஒரு பெயரும் பாஸ்புக்கில் வேறு பெயரும் இருந்தால் ‘இது வேறு குழுவின் நோட்டு’ என்று ஒதுக்கிவிட்டு, பாஸ்புக் தேதியிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். நோட்டுப் பக்கங்களைக் கிழித்துத் திருப்பி எழுதும் யோசனை யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள். ஒரே மையில் ஒரே கையில் எழுதிய பழைய வாரங்கள் சட்டென்று தெரியும். அதற்குப் பதில் தீர்மானத்திலேயே பழையதைப் புதியதோடு கட்டிவிடலாம். ஆறாவது கூட்டத்தில் பெயர் முடிவானால் இப்படி எழுதுங்கள்:

“இன்று நடந்த 6ஆவது கூட்டத்தில் 14 உறுப்பினர்களும் கலந்துகொண்டு, நமது குழுவுக்கு ‘புங்கமரம் மகளிர் சுய உதவிக் குழு’ என்று பெயர் வைக்க முடிவு செய்தோம். ஆங்கிலத்தில் PUNGAMARAM MAGALIR SHG என்று எழுதப்படும். இந்தப் புத்தகத்தில் 1 முதல் 5 வரையுள்ள கூட்டங்களில் ‘மகளிர் குழு’ என்று குறிப்பிடப்பட்டிருப்பது இந்தக் குழுவே. அந்தக் கூட்டங்களில் சேர்ந்த சேமிப்பு 3,500 ரூபாய் இந்தக் குழுவின் பணம்.”

ஐந்து வாரம், 14 பேர், ஆளுக்கு 50 ரூபாய் என்பதால் 3,500. நடுவில் யாராவது கட்டாமல் விட்டிருந்தால் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். கீழே 14 கையெழுத்து. கைநாட்டு வைப்பவர் பக்கத்தில் அவருடைய பெயரை இன்னொருவர் எழுதட்டும். பொறுப்பாளர்கள் மட்டும் கையெழுத்திட்ட பெயர்த் தீர்மானம் பின்னால் தகராறு வந்தால் நிற்காது.

அதே நாளில் இரண்டாவது தீர்மானமாக, எந்தக் கிளையில், யார் யார் சேர்ந்து கணக்கை இயக்குவது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். கணக்கு குழுவின் பெயரில் இருக்க வேண்டும். ‘இப்போதைக்கு ரெண்டு பேர் பேர்ல ஜாயிண்டா போட்டுக்குங்க’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அது அந்த இருவருடைய சொந்தக் கணக்கு. மற்ற 12 பேருடைய சேமிப்புக்கு அதில் பெயரும் இல்லை, பிடியும் இல்லை. குழுக் கடனுக்கும் அது உதவாது.

ரப்பர் ஸ்டாம்ப் அடுத்தது. குழுவின் முழுப் பெயரும் கிராமமும் உள்ள ஒன்று, ‘ஊக்குநர்’, ‘பிரதிநிதி’ என்று பதவி மட்டும் உள்ளவை தனியாக. பதவி ஸ்டாம்பில் ஆளின் பெயரைச் சேர்க்க வேண்டாம். பெயர் செதுக்கிய ஸ்டாம்பு கைக்கு வந்துவிட்டால் பதவியைக் கொடுப்பது கடினமாகிவிடுகிறது, ஸ்டாம்பு செய்த காசும் வீண். ஸ்டாம்பும் தீர்மானப் புத்தகமும் ஒரே வீட்டில் இருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு எங்கெல்லாம் பெயர் எழுதப்படுகிறதோ அங்கெல்லாம் தீர்மானத்தின் நகலைப் பார்த்துத்தான் எழுத வேண்டும், யாரும் நினைவிலிருந்து சொல்லக் கூடாது. கணக்குத் தொடக்க விண்ணப்பம், ஊரக வாழ்வாதார இயக்கத்தின் LokOS செயலியில் களப்பணியாளர் ஏற்றும் பதிவு, பின்னால் பான் அட்டை, கூட்டமைப்பின் உறுப்பினர் பட்டியல் என்று நான்கு இடம். களப்பணியாளர் அவசரத்தில் MAHALIR என்று தட்டிவிட்டால் அன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள். பணம் வரும் வேளையில் தெரிந்தால் ஒன்றிய அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும்.

மசாலா, சோப்பு என்று எதையாவது விற்கப் போகிறீர்களானால் பாக்கெட்டின் பெயர் வேறாக இருக்கலாம். அங்கே கவர்ச்சியாக, சின்னதாக, எப்படி வேண்டுமானாலும் வையுங்கள். ‘தயாரிப்பு: புங்கமரம் மகளிர் சுய உதவிக் குழு’ என்று கீழே வந்தால் போதும். வீட்டுக்காரருக்கு ஆசையாக இருந்தால் அங்கே அவருடைய யோசனையைக் கேட்கலாம். ‘மதி’ என்ற சொல்லை மட்டும் தவிர்க்கவும், அது மகளிர் மேம்பாட்டு நிறுவனம் குழுக்களின் பொருள்களுக்கு வைத்திருக்கும் பெயர். இலவம்பாடி முள்கத்தரிக்காய் புவிசார் குறியீடு பெற்றது. அதைத் தொக்காகவோ வற்றலாகவோ விற்கும்போது, அந்தக் குறியீட்டின் பெயரைப் போட அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

பின்னொரு நாள் பல குழுக்கள் சேர்ந்து கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்தால் அதற்குப் புதுப் பெயர், அதைப் பதிவாளர் ஏற்க வேண்டும். குழுவின் பெயர் அதற்குத் தானாகப் போகாது. இப்போதே அதை நினைத்துப் பெரிய பெயராக வைக்க வேண்டியதில்லை.

வைத்த பிறகு மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், முதல் கடன் வாங்குவதற்கு முன் மாற்றிவிடுங்கள். கடன் நிலுவையில் இருக்கும்போது மாற்றினால் கடன் பத்திரம் பழைய பெயரிலும் கணக்கு புதிய பெயரிலும் நிற்கும். கிளை ஒப்புக்கொள்ளவே தயங்கும். எல்லா உறுப்பினரும் கையெழுத்திட்ட புதுத் தீர்மானம், வங்கிக்குக் கடிதம், பான் திருத்தம், LokOS திருத்தம், புது ஸ்டாம்பு என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து நடந்து வர வேண்டும்.

கணக்கு தொடங்கும் நாளில் பாஸ்புக் கைக்கு வந்ததும் பைக்குள் வைக்காமல், கவுண்ட்டர் முன்னாலேயே நின்று முதல் பக்கத்தைத் தீர்மான நகலோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த உறுப்பினர் ஒருவரை அன்றைக்குக் கூட்டிப்போங்கள். எழுத்து தவறியிருந்தால் அந்த இடத்திலேயே சொன்னால் பெரும்பாலும் அப்போதே திருத்தி வேறு அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்துப் போனால், அதற்குத் தனியாக ஒரு தீர்மானம் எழுதி எடுத்துக்கொண்டு வரச் சொல்வார்கள்.